கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மில்லிமீட்டர் காற்று

புதிதாகக் கட்டிய வீடுகளின் கூடத்தில் இப்போது கறுப்புக் கண்ணாடிப் பலகை ஒன்று சுவரோடு சுவராகப் பதிந்திருக்கிறது. அதில் அமுக்கும் பித்தானோ, மேலும் கீழும் ஆடும் நாக்கோ கிடையாது. மங்கலாக ஒளிரும் வட்டத்தில் விரல் வைத்தால் விளக்கு எரிகிறது. குடியேறிச் சில வாரங்கள் போனதும் இரண்டு புகார்களில் ஒன்று வந்துவிடும். "மூணு தடவை அமுக்கினாத்தான் எரியுது" என்பது ஒன்று. "யாரும் தொடாமலே தானா எரியுது" என்பது மற்றது. வந்து பார்க்கிற எலக்ட்ரீஷியன் முதல் புகாருக்கு "சென்சிடிவிட்டியைக் கூட்டணும்" என்பார், இரண்டாவதற்குக் "குறைக்கணும்" என்பார். இரண்டாவது பதில் பாதி சரி. முதல் பதில் பெரும்பாலும் தவறு. கூட்டுவதற்கு அங்கே பெரும்பாலும் எதுவும் மிச்சம் இருக்காது. பிழை சிப்பில் இல்லை, கண்ணாடிக்கும் அதன் பின்னால் இருக்கும் தொடுதகட்டுக்கும் நடுவில் இருக்கிறது.

கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு வட்டத்துக்கும் நேர் பின்னால் ஒரு சிறு செப்புத் தகடு இருக்கிறது. அது ஒரு சிப்போடு இணைந்திருக்கும். அந்தத் தகட்டில் எவ்வளவு மின்னூட்டம் தங்குகிறது என்பதைச் சிப் ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். நம் உடம்பில் பெரும்பகுதி உப்புநீர். அது மின்சாரத்தைக் கடத்தும். விரல் கண்ணாடியின் முன்பக்கத்தில் படும்போது, விரல் ஒரு தகடு, பின்னால் இருக்கும் செம்பு இன்னொரு தகடு, நடுவில் கண்ணாடி என்று ஒரு கெபாசிட்டர் உருவாகிவிடுகிறது. தகட்டில் தங்கும் மின்னூட்டம் கொஞ்சம் கூடுகிறது. அந்தக் கூடுதலைத்தான் சிப் 'தொட்டார்கள்' என்று எடுத்துக்கொள்கிறது.

இதில் அழுத்தத்துக்கு வேலையே இல்லை. ஆனாலும் பலமாக அமுக்கினால் சில சமயம் வேலை செய்கிறதே என்று கேட்கலாம். அமுக்கும்போது விரல்நுனி தட்டையாகிக் கண்ணாடியில் படும் பரப்பு பெருகுகிறது, அதனால்தான். நுனியால் லேசாகத் தொட்டால் படும் வட்டம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இருக்கும். கட்டைவிரலை அழுத்தி வைத்தால் 14 மில்லிமீட்டர்வரை போகும். பரப்பில் பார்த்தால் அது ஐந்து மடங்குக்கு மேல். அப்பா தொட்டால் எரிகிற விளக்கு குழந்தை தொட்டால் எரியாமல் போவதற்குக் காரணம் இந்தப் பரப்புதான். நகத்தால் தட்டினால் எந்த வீட்டிலும் எரியாது.

இந்தக் கெபாசிட்டர் எவ்வளவு பெரியது என்பதைப் பள்ளிப் பாடச் சூத்திரத்தை வைத்தே கணக்கிடலாம். பரப்பு கூடினால் மின்தேக்குத் திறன் கூடும், இடைவெளி கூடினால் குறையும். நடுவில் இருக்கும் பொருளையும் பொறுத்து அது மாறும். காற்றோடு ஒப்பிட்டால் சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 7 மடங்கு கொடுக்கிறது, அக்ரிலிக் ஏறத்தாழ 3 மடங்கு. 10 மில்லிமீட்டர் வட்டமாகப் படுகிற விரலும் 4 மில்லிமீட்டர் கண்ணாடியும் சேர்ந்தால் சுமார் 1.2 பிகோஃபாரட் வரும். 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் சுமார் 0.7 பிகோஃபாரட். ஒரு பிகோஃபாரட் என்பது ஒரு ஃபாரடில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. தொடுசுவிட்ச் முழுவதும் இந்த மெல்லிய மாற்றத்தை நம்பித்தான் நிற்கிறது.

இனிதான் காற்று வருகிறது. இந்தக் கணக்கை எளிதாக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் அதன் மடங்கால் வகுத்தால், அது எவ்வளவு காற்றுக்குச் சமம் என்று தெரிந்துவிடும். 4 மில்லிமீட்டர் கண்ணாடியை ஏழால் வகுத்தால் 0.57 மில்லிமீட்டர் காற்று. 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கை மூன்றால் வகுத்தால் சரியாக 1 மில்லிமீட்டர் காற்று. இப்போது கண்ணாடிக்கும் தொடுதகட்டுக்கும் நடுவில் வெறும் 1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப்போனதாக வைத்துக்கொள்வோம். கண்ணாடிப் பலகையில் 0.57 ஆக இருந்தது 1.57 ஆகிவிடும். சமிக்ஞை 1.2 பிகோஃபாரடிலிருந்து 0.44க்கு விழும், அதாவது மூன்றில் ஒரு பங்கை ஒட்டி. அக்ரிலிக்கில் 1 என்பது 2 ஆகும், சமிக்ஞை பாதியாகும். கண்ணாடி நல்ல பொருள் என்பதாலேயே காற்று அதற்குச் செய்யும் சேதமும் அதிகமாகத் தெரிகிறது. கண்ணாடிக் கடையில் 4 மில்லிமீட்டரா 5 மில்லிமீட்டரா என்று யோசித்து நிற்கிறோம். ஆனால் ஒரு மில்லிமீட்டர் கூடுதல் கண்ணாடி ஒரு பொருட்டே அல்ல. ஒரு மில்லிமீட்டர் காற்று ஏழு மில்லிமீட்டர் கண்ணாடிக்குச் சமம்.

இந்தக் காற்று எப்படி உள்ளே வருகிறது? ஓரங்களில் ஒட்டும் இருபக்க ஃபோம் டேப் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதை நாலு ஓரமும் ஒட்டிக் கண்ணாடியைப் பொருத்தினால் நடுவில் அதே அளவு காற்று நின்றுவிடும். கடையில் வாங்கிப் பொருத்திய சுவிட்சில் வேறு கதை. சுவர்ப்பூச்சு மேடும் பள்ளமுமாக இருக்கும், அல்லது உள்ளே பதித்த பெட்டி சற்றுச் சாய்ந்திருக்கும். திருகை முடுக்க முடுக்கச் சட்டம் வளைந்து ஒரு மூலையில் கண்ணாடி தூக்கிக்கொள்ளும். நான்கு வட்டங்களில் ஒன்று மட்டும் 'காது கேட்காமல்' இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சோதிப்பது சுலபம். அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அழிப்பானை வைத்துக் கண்ணாடியை உள்நோக்கித் தள்ளிப் பிடியுங்கள். இன்னொரு கையின் விரலால் வட்டத்தை லேசாகத் தொடுங்கள். அப்போது மட்டும் வேலை செய்தால் நடுவில் காற்று இருக்கிறது என்று அர்த்தம். தள்ளுவதற்குக் கையையே பயன்படுத்தக் கூடாது. அருகில் இருக்கும் கையும் தகட்டின் அளவைக் கூட்டிச் சோதனையைக் கெடுத்துவிடும்.

தொழிற்சாலைக்காரர்கள் இந்தக் காற்றை ஒழித்த விதம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. இண்டக்ஷன் அடுப்பின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பொத்தான் குறியீட்டுக்கும் கீழே சர்க்யூட் பலகையிலிருந்து ஒரு சிறு உலோக ஸ்பிரிங் எழும்பி, கண்ணாடியின் அடிப்பக்கத்தை அழுத்திக்கொண்டு நிற்கும். பொத்தானைத் திரும்ப மேலே தள்ளுவதற்காக வைத்தது அல்ல அது. அந்த ஸ்பிரிங்தான் தொடுதகடு. சர்க்யூட் பலகை கண்ணாடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே இருந்தாலும், உலோகம் கண்ணாடிவரை போய்விடுவதால் நடுவில் காற்று இல்லை. கண்ணாடி கொஞ்சம் வளைந்திருந்தாலும் ஸ்பிரிங் அதற்கேற்ப அமுங்கிக் கொடுக்கும். நல்ல சுவர்ச் சுவிட்சுகளிலும் இதே ஏற்பாடு உண்டு. சுவிட்ச் வாங்கும்போது கண்ணாடி முகப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லி ஸ்பிரிங் இருக்கிறதா என்று பார்ப்பது, பெட்டியில் அச்சடித்திருக்கும் வாசகங்களை எல்லாம் படிப்பதைவிடப் பயனுள்ளது.

இனி ஒரு பலகையை முழுதாகச் சரிசெய்து பார்ப்போம். 4 மில்லிமீட்டர் கண்ணாடி, பின்பக்கம் கறுப்பு வண்ணம், மூன்று விளக்கும் ஒரு மின்விசிறியும் என நான்கு தொடுபுள்ளிகள். உள்ளே டி.டி.பி. 223 என்ற சிறு சிப் வைத்த நான்கு மாடியூல்கள். தைவான் நிறுவனமான டான்டெக்கின் சிப் இது. மின்னணுப் பொருள்கள் விற்கும் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது, சொந்தமாகத் தொடுசுவிட்ச் செய்பவர்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மாடியூல்களை ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டி, ஓரத்தில் ஃபோம் டேப் போட்டுக் கண்ணாடியைப் பொருத்தியிருக்கிறது. கட்டைவிரலால் அமுக்கினால் வேலை செய்கிறது. சுண்டுவிரலுக்கு அசையவே இல்லை.

முதலில் வண்ணத்தைச் சோதிக்க வேண்டும். மல்டிமீட்டரை உயர்ந்த ஓம் அளவில் வைத்து, இரண்டு முனைகளையும் கண்ணாடியின் வண்ணப் பூச்சில் சில சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். அளவு எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் பூச்சில் உலோகப் பொடியோ கடத்தும் கரியோ இருக்கிறது. அப்படிப்பட்ட பூச்சு நான்கு புள்ளிகளையும் ஒரே தகடாக்கிவிடும், எந்தச் சரிசெய்தலும் அதற்குமுன் பலிக்காது. முகம் பார்க்கும் கண்ணாடியின் ரசமும் இப்படித்தான். அதைத் தொடுபுள்ளிகளைச் சுற்றிச் சுரண்டி எடுக்காமல் தொடுசுவிட்ச் வைக்க முடியாது. நம் பலகையின் வண்ணம் இந்தச் சோதனையில் தேறிவிட்டது.

அடுத்து உணர்திறன். இந்தச் சிப்பில் அதைக் கூட்டிக் குறைக்கத் திருகு எதுவும் கிடையாது. தொடு உள்ளீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு சிறு கெபாசிட்டர் வைக்கலாம், 50 பிகோஃபாரட் வரைக்கும். அது பெரிதாக ஆக உணர்திறன் குறையும். மாடியூல்களில் அந்த இடம் பெரும்பாலும் காலியாகவே வரும். காலி என்றால் சிப் ஏற்கெனவே உச்ச உணர்திறனில் இருக்கிறது. ஆகவே இங்கே கூட்டுவதற்கு எதுவும் இல்லை, குறைக்க மட்டும்தான் முடியும். மின்சுற்றில் முடியாத அந்தக் கூட்டலைச் செய்ய மிச்சம் இருப்பவை மூன்று: தகட்டின் அளவு, பலகையின் தடிமன், நடுவில் இருக்கும் காற்று.

காற்றை எடுத்துவிடுவோம். ஒட்டும் செப்பு டேப்பில் 15 மில்லிமீட்டர் வட்டங்கள் வெட்டி, கண்ணாடியின் பின்பக்கத்தில் குமிழி விழாமல் நேரடியாக ஒட்டுகிறோம். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒரு மெல்லிய கம்பியை மாடியூலின் தொடு உள்ளீட்டில் பற்றவைக்கிறோம். கம்பி சில சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஆடவும் கூடாது. கம்பியும் தொடுதகட்டின் ஒரு பகுதிதான். அது எர்த் செய்த இரும்புப் பெட்டியை உரசிப் போனால் வீண் மின்தேக்குத் திறன் கூடி, விரலின் சிறு மாற்றம் அதில் கரைந்துவிடும். வட்டத்தை மிகப் பெரிதாக வெட்டுவதிலும் பயன் இல்லை. விரல் படும் பரப்புக்கு வெளியே இருக்கும் செம்பு, விரலை விட்டுவிட்டு இரைச்சலை மட்டும் வாங்கும்.

இப்போது அதே பலகையில் சமிக்ஞை ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்டது. சுண்டுவிரல் நுனிக்கே விளக்கு எரிகிறது. அதோடு எதிர்த் தொல்லையும் வந்துவிடுகிறது. விரல் கண்ணாடியைத் தொடுமுன்பே எரிகிறது, ஒரு வட்டத்தைத் தொட்டால் பக்கத்து வட்டமும் சேர்ந்து எரிகிறது. கெபாசிட்டர் வைக்க வேண்டிய நேரம் இதுதான். 10 பிகோஃபாரடில் தொடங்கி, அடுத்து 22, அதற்கடுத்து 33 என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். வெப்பத்தில் மதிப்பு மாறாத என்.பி.ஓ. வகைச் செராமிக் கெபாசிட்டரே வேண்டும். சித்திரை வெயிலில் சூடாகும் மேற்குச் சுவரில் வேறு வகை வைத்தால், கெபாசிட்டரின் மதிப்பே வெப்பத்தோடு சேர்ந்து நகரும்.

எங்கே நிறுத்துவது? என் அளவுகோல் இரண்டு. வீட்டில் இருப்பவர்களில் மிகச் சிறிய விரல் லேசாகத் தொட்டால் ஒவ்வொரு முறையும் எரிய வேண்டும். விரித்த உள்ளங்கையைக் கண்ணாடிக்கு இரண்டு சென்டிமீட்டர் முன்னால் மெல்லக் கொண்டுபோனால் எதுவும் எரியக் கூடாது. இரண்டும் தேறும் மதிப்புகளில் பெரிய கெபாசிட்டரையே தேர்ந்தெடுப்பேன். சுண்டுவிரலுக்குப் போதுமான உணர்திறனுக்கு மேல் வைத்திருக்கும் ஒவ்வொரு துளியும் ஒரு நாள் ஈரத்துக்கோ இரைச்சலுக்கோ கதவைத் திறந்துவிடும். 22 பிகோஃபாரடில் நம் பலகை இரண்டு சோதனையிலும் தேறியது என்று வைத்துக்கொள்வோம்.

இந்தச் சோதனையை மேசையில் பேட்டரி வைத்துச் செய்தால் பயன் இல்லை. பேட்டரியில் ஓடும் சுற்றுக்கு நிலத்தோடு தொடர்பு கிடையாது. விரல் வழியாகப் போகும் மின்னூட்டம் உடம்பிலிருந்து நிலம் வழியாகத் திரும்பி வர வேண்டும். அந்தப் பாதை மெலிந்திருந்தால் உணர்திறன் குறைவாகத் தெரியும். அங்கே சரியாக வைத்ததைச் சுவரில் மாட்டி 230 வோல்ட் மின்சாரத்திலிருந்து இயக்கும்போது அளவு மாறிவிடும். எந்தப் பெட்டியில், எந்தப் பவர் சப்ளையில், எந்தக் கண்ணாடியோடு இருக்கப் போகிறதோ, அந்த நிலையில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

கண்ணால் எண்ணைப் பார்த்துச் சரிசெய்ய விரும்புகிறவர்களுக்கு இ.எஸ்.பி. 32 போர்டு உதவும். அதில் `touchRead()` என்ற கட்டளை, தகட்டின் நிலையை ஓர் எண்ணாகத் தரும். அதன் முதல் வகைப் போர்டுகளில் தொட்டால் எண் குறையும். உதாரணமாக, தொடாதபோது 60, தொட்டால் 52 என்று வருகிறது, தானாக ஆடுவது ஒன்றிரண்டு எண்ணுக்குள் இருக்கிறது என்றால், 56ஐ எல்லையாக வைப்பது பாதுகாப்பு. நடுவில் காற்று இருந்து தொட்டபோதும் 58 வரைதான் இறங்குகிறது என்றால், 59 என்று எல்லை வைத்து ஏமாற்றப் பார்க்கக் கூடாது. ஆடும் அளவும் தொடும் அளவும் ஒன்றோடொன்று உரசுகின்றன, அப்போது மறுபடி கண்ணாடிக்குப் பின்னால் போய்த்தான் வேலை செய்ய வேண்டும்.

நம் பலகையில் இன்னும் ஒரு கோளாறு மீதி இருக்கிறது. மின்விசிறியைப் போட்டால் சில சமயம் விளக்கும் சேர்ந்து எரிகிறது. இதைப் பார்த்துவிட்டு உணர்திறனைக் குறைத்துக்கொண்டே போவார்கள், கடைசியில் சுண்டுவிரல் மறுபடி தோற்றுப்போகும். காரணம் தொடுபக்கத்தில் இல்லை. மின்விசிறிக்கு மின்சாரம் விடும் ரிலே, 5 வோல்ட்டில் 70 மில்லிஆம்பியர் அளவு எடுக்கும். அது கிளிக் என்று இழுக்கும் கணத்தில் பவர் சப்ளை வோல்ட்டேஜ் சற்றே தாழும். சிப் எல்லாவற்றையும் அந்த வோல்ட்டேஜை வைத்தே அளப்பதால், வோல்ட்டேஜ் அசைந்ததை விரல் பட்டதாக எடுத்துக்கொள்கிறது. ரிலேக்கு அருகில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, ரிலே சுருளுக்குக் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு டயோடு, தொடுசிப்புகளுக்கு மட்டும் தனியாக ஒரு 3.3 வோல்ட் ரெகுலேட்டர், ஒவ்வொரு சிப்பின் கால்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். இவ்வளவும் செய்தால் அந்தக் கோளாறு நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ரிலேக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, சிப்பின் வெளியீட்டில் ஒரு சிறு எல்.இ.டி. மட்டும் வைத்துப் பார்ப்பது. அப்போது எந்த வட்டமும் தானாக எரியவில்லை என்றால் பழி ரிலே மேல்தான்.

அடுத்து ஈரம். தண்ணீர் கண்ணாடியைவிடப் பத்து மடங்குக்கு மேல் மின்புலத்தை இழுக்கும். சமையலறையில் நீராவி படிந்து கண்ணாடியில் மெல்லிய ஏடாகப் பரவினால், நான்கு வட்டங்களும் ஒன்றோடொன்று இணைந்ததுபோல் நடந்துகொள்ளும். வட்டங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே குறைந்தது 35 மில்லிமீட்டர் விட்டால் ஒன்றிரண்டு துளிகளைத் தாங்கும். முழு ஏட்டையும் தாங்காது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, குளியலறைக்கு உள்ளே என்று கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அந்த இடத்துக்குப் பழைய நாக்குச் சுவிட்சே நல்லது, அதுவும் கதவுக்கு வெளியே.

பாதுகாப்பு பற்றி ஒன்றே ஒன்று, ஆனால் அழுத்தமாக. விலை குறைந்த சில தொடுசுவிட்சுகளில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், ஒரு கெபாசிட்டர் வழியாகவே 230 வோல்ட்டைத் தாழ்த்துவார்கள். அப்போது தொடுதகடு உட்பட முழுச் சுற்றும் மின் இணைப்பிலிருந்து பிரிக்கப்படாமல் இருக்கும். உங்களுக்கும் கரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரே காப்பு அந்தக் கண்ணாடிதான். கண்ணாடியில் விரிசல் விழுந்தால் 'இன்னும் வேலை செய்கிறதே' என்று தொடவே கூடாது. எம்.சி.பி.யை இறக்கிவிட்டு மாற்ற வேண்டும். சொந்தமாகச் செய்பவர்கள் மின்காப்பு உள்ள பவர் சப்ளை மாடியூலையே பயன்படுத்த வேண்டும்.

எல்லாம் முடிந்து கண்ணாடியைப் பொருத்தும்போது ஒன்று நினைவில் இருக்க வேண்டும். தராசில் வெறும் பாத்திரத்தை வைத்துப் பூச்சியம் ஆக்குவதுபோல, மின்சாரம் வந்ததும் சிப் அப்போதைய நிலையைத் 'தொடாத நிலை' என்று பதிந்துகொள்ளும். டி.டி.பி. 223க்கு இதற்கு அரை விநாடி ஆகும். பிறகும் யாரும் தொடாத நேரங்களில் சில விநாடிக்கு ஒருமுறை அந்தப் பூச்சியத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். வெப்பமும் தூசும் மெல்ல மெல்ல மாற்றுவதை அது இப்படித்தான் சமாளிக்கிறது. மின்தடைக்குப் பின் கரண்டு திரும்பும் அந்தக் கணத்தில் யாராவது கண்ணாடியில் கை வைத்திருந்தால், கையோடு சேர்த்துப் பூச்சியம் ஆகிவிடும், எடுத்த பின் கொஞ்ச நேரம் அந்த வட்டம் மந்தமாக இருக்கும். அதனால் கண்ணாடியைப் பொருத்தித் திருகை முடுக்கியதும் எம்.சி.பி.யை ஒருமுறை இறக்கி, சில விநாடி விட்டு ஏற்றுங்கள். ஏற்றும்போது பலகை துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும், யாரும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பிறகு சுண்டுவிரல், உள்ளங்கை இரண்டு சோதனைகளையும் நான்கு வட்டங்களிலும் மறுபடி செய்து பாருங்கள். திருகு இறுகிய பிறகு ஏதாவது ஒரு வட்டம் மட்டும் மாறியிருந்தால், அந்த மூலையின் திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள்.